ஒரே விற்றுமுதல், இரண்டு இலாபம்: இந்தியாவிலும் இலங்கையிலும் அனுமான வரி

அரிசி மொத்த வியாபாரிக்கு நூறு ரூபாய் விற்றால் செலவு போக ஒன்றரை ரூபாய் மிஞ்சலாம். அதே தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்குப் பன்னிரண்டு ரூபாய் மிஞ்சலாம். இருவருடைய கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்து, யாருக்கு எவ்வளவு இலாபம் என்று கண்டறிந்து வரி போட அரசிடம் ஆள் இல்லை. ஒழுங்காகப் புத்தகம் எழுத அந்த வியாபாரிகளுக்கும் நேரமில்லை. அதனால் விற்றுமுதலை மட்டும் பார்த்து, இதில் இவ்வளவு இலாபம் இருந்திருக்கும் என்று சட்டமே முடிவு செய்துவிடுகிறது. இதுதான் அனுமான வரி. இந்தியாவும் இலங்கையும் இந்த அனுமானத்தை வெவ்வேறு வரியில், வெவ்வேறு ஆட்கள் மேல் வைத்திருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எளிமைக்கான விலையை எந்த வியாபாரி கொடுக்கிறார் என்பது தெளிவாகத் தெரியும்.

இந்தியாவில் இந்த யோசனைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1992இல் சிறு சில்லறை வியாபாரி ஆண்டுக்கு 1,400 ரூபாய் கட்டினால் போதும் என்ற திட்டம் வந்தது. பின்னர் சில்லறை வியாபாரத்துக்கென்று தனிப்பிரிவு வந்தது; விற்றுமுதலில் 5 சதவீதத்தை இலாபமாக அது எடுத்துக்கொண்டது. அதையெல்லாம் ஒன்றாக்கி இன்று கடைத்தெருவில் 'நாற்பத்துநாலு ஏடி' என்று சொல்லும் பிரிவு வந்தபோது, விகிதம் எல்லா வியாபாரத்துக்கும் 8 சதவீதம் ஆனது. வங்கி, யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு மட்டும் பிறகு 6 சதவீதமாகக் குறைத்தார்கள். விற்றுமுதல் 2 கோடி வரை இதில் சேரலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை இடமுண்டு. புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம், முன்கூட்டிய வரியை நான்கு தவணையாகக் கட்டாமல் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை.

நம் இரண்டு வியாபாரிகளையும் இதில் உட்கார வைத்துப் பார்ப்போம். இருவருக்கும் ஆண்டு விற்றுமுதல் 3 கோடி, எல்லாம் வங்கி வழியாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் இருவருக்கும் 18 இலட்சம் இலாபம் என்று எழுதிக்கொள்ளும். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி அதற்கு வரி, செஸ் சேர்த்து 1,66,400 ரூபாய். அரிசி வியாபாரியின் உண்மை இலாபம் நாலரை இலட்சம்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகப் போய்விடுகிறது. உண்மைக் கணக்கைக் காட்டியிருந்தால், 12 இலட்சம் வரையான வருமானத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் அவர் ஒரு பைசாகூடக் கட்டியிருக்க வேண்டாம். ஜவுளிக்காரரின் உண்மை இலாபம் 36 இலட்சம். முறைப்படி அவர் கட்டவேண்டியது 6,86,400. 18 இலட்சத்தோடு நிறுத்திக்கொண்டால் ஐந்து இலட்சத்துக்கு மேல் மிச்சம்.

கூடுதலாக இலாபம் வந்திருந்தால் கூடுதலாகக் காட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் புத்தகமே கேட்காத இடத்தில் யார் தானாகக் காட்டுவார்கள்?

2 கோடி விற்றுமுதலில் இன்னொன்று நடக்கிறது. அதன் 6 சதவீதம் சரியாக 12 இலட்சம். வேறு வருமானம் இல்லாத வியாபாரிக்குத் தள்ளுபடி அந்த 12 இலட்சத்தையும் மூடிவிடுகிறது. முழுவதும் வங்கி வழியே விற்பவருக்கு 2 கோடி வரை வருமான வரியே இல்லை என்ற நிலை இப்படித்தான் வந்திருக்கிறது. உண்மை இலாபம் 40 இலட்சமாக இருந்தாலும் படிவத்தில் 12 இலட்சம். மாதச் சம்பளக்காரருக்கு இந்த வசதி கிடையாது. அவருடைய ஒவ்வொரு ரூபாயும் முதலாளியின் கணக்கில் பதிவாகி இருக்கிறது.

அரிசி வியாபாரி இந்தத் திட்டத்தை விட்டு வெளியேறிவிடலாமே என்று கேட்கலாம். வெளியேறலாம், ஆனால் கதவு பின்னால் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை அனுமானத்தில் சேர்ந்தவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதைவிடக் குறைவான இலாபம் காட்டினால், அதன்பின் ஐந்து ஆண்டுகள் திரும்பி வர முடியாது. வருமானம் அடிப்படை விலக்கைத் தாண்டினால் புத்தகமும் ஆடிட்டர் தணிக்கையும் கட்டாயம். நெல் விலை ஓராண்டு சரிந்து இலாபம் குறைந்தவருக்கு, அந்த ஆண்டிலேயே ஆடிட்டர் கட்டணமும் சேரும். சேராமலே இருந்திருந்தால் நிலைமை வேறு. வரவும் செலவும் 95 சதவீதம் வங்கி வழியே இருந்தால், 10 கோடி வரை தணிக்கையே இல்லாமல் உண்மைக் கணக்கைக் காட்டலாம். விவசாயிக்கு ரொக்கமாகக் கொடுத்து நெல் வாங்குபவருக்கு மட்டும் அந்த வழி அடைபடுகிறது. ஆகவே கண்ணி வைத்திருப்பது நுழைவாசலில்தான். குறைந்த இலாபத்தில் நிறைய விற்பவர், 'எளிமை' என்று யாராவது சொல்லக் கேட்டு முதல் ஆண்டே உள்ளே போய்விடுகிறார்.

ஜிஎஸ்டியில் இருக்கும் காம்போசிஷன் திட்டமும் இதே குடும்பம். ஒன்றரைக் கோடி வரை விற்கும் வியாபாரி 1 சதவீதம் கட்டிவிட்டு ஒதுங்கலாம். அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது, வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. ஆனால் வேண்டாமென்றால் வழக்கமான முறைக்கு மாறிக்கொள்ளலாம். ஐந்தாண்டுப் பூட்டு அங்கே இல்லை.

இலங்கைக்கு வருவோம். அங்கே சிறு வியாபாரிக்கு வருமான வரியில் பொது விதி உண்மை இலாபம்தான். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதால், பெரும்பாலான பெட்டிக்கடைகளும் சிறு பலசரக்குக் கடைகளும் அந்த வரிக்குள் வருவதே இல்லை. அனுமானம் உட்கார்ந்திருப்பது வேறிடத்தில்: 2022இன் 25ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீட்டில். அதன் விகிதம் 2.5 சதவீதம். மொத்த, சில்லறை வியாபாரிக்கு விற்றுமுதலின் பாதிக்கு மட்டும் அதைப் போடுகிறார்கள். உற்பத்தியாளர் நியமித்து, அவர் கட்டுப்படுத்தும் விலையில் விற்கும் விநியோகஸ்தருக்குக் கால்பங்குக்கு மட்டும். கொள்விலையைக் கழித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை என்பதால் பாதி, கால் என்று சட்டமே வெட்டிக் கொடுத்த அனுமானம் இது. முந்தைய தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியிலும் இதே பாதியும் காலும் இருந்தன.

இந்த அறவீடு தொடங்குவது காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் விற்றுமுதலில், அதாவது ஆண்டுக்கு 6 கோடி. இந்தியப் பணத்தில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கோடி. இந்தியாவில் 'இதுவரை நீ சிறியவன், அனுமானத்தில் ஒதுங்கிக்கொள்' என்று சொல்லும் அளவு கிட்டத்தட்ட இதேதான். இலங்கையில் அந்த அளவுவரை இந்த அறவீடு எதுவுமே கேட்பதில்லை. அதைத் தாண்டியதும் அனுமானம் கட்டாயமாக வந்து விழுகிறது. எல்லைக்குக் கீழே இருப்பவருக்கு இலங்கை முறை இந்திய முறையைவிட நிச்சயமாக நல்லது. படிவமே இல்லாததைவிட எளிய படிவம் ஏது? தொல்லை எல்லையின் மேலே.

வவுனியாவில் சீமெந்தும் கூரைத் தகடும் மொத்தமாக விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலாண்டு விற்பனை 1 கோடி 60 இலட்சம். மொத்த இலாபம் 3 சதவீதம் என்றால் 4 இலட்சத்து 80 ஆயிரம். கடை வாடகை, கூலி, மின்சாரம் என்று 2 இலட்சம் போனால் கையில் 2 இலட்சத்து 80 ஆயிரம். விற்பனையில் பாதி 80 இலட்சம், அதன் 2.5 சதவீதம் 2 இலட்சம். அறவீட்டைக் கட்டிய பிறகு மூன்று மாத உழைப்புக்கு அவரிடம் மிஞ்சுவது 80 ஆயிரம் ரூபாய். அதே தொகைக்கு 25 சதவீத இலாபத்தில் உடுதுணி விற்பவருக்கு 40 இலட்சம் வருகிறது. அவர் கட்டுவதும் அதே 2 இலட்சம். சீமெந்துக்காரரின் ஆண்டு வருமானம் வருமான வரியின் 18 இலட்ச விலக்குக்கு எவ்வளவோ கீழே. வருமான வரி 'உன்னிடம் வாங்க ஒன்றுமில்லை' என்று விட்டுவிடும் மனிதரிடமிருந்து இந்த அறவீடு ஆண்டுக்கு 8 இலட்சம் எடுக்கிறது.

விலையில் ஏற்றிவிடலாமே என்பது வழக்கமான பதில். 2,000 ரூபாய் மூட்டைக்கு 25 ரூபாய் ஏற்ற வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் காலாண்டுக்கு 1 கோடி 49 இலட்சம்தான் விற்கிறார். அவருக்கு அறவீடு இல்லை. வீடு கட்டுபவர் நூறு மூட்டைக்கு 2,500 ரூபாயை விட்டுவிட்டு வரமாட்டார். எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி போட்டால் இது தாங்கும். முதல் ரூபாயிலிருந்து போடுவதால், 11 இலட்சம் கூடுதலாக விற்றதற்கு 2 இலட்சம் தண்டனை. அதே எல்லையில் 18 சதவீத பெறுமதி சேர் வரிப் பதிவும் தொடங்குகிறது. கடையை மகன் பேரிலும் மனைவி பேரிலும் பிரித்து எழுதுவதும், காலாண்டு முடிய ஒரு வாரம் இருக்கையில் பற்றுச்சீட்டுப் போடாமல் தள்ளிவைப்பதும் இந்தக் கணக்கில்தான் பிறக்கின்றன. 2026 வரவுசெலவுத் திட்டம் இந்த எல்லையை ஆண்டுக்கு 3 கோடி 60 இலட்சமாக இறக்க முன்மொழிந்தது. விகிதத்தையும் பாதிக் கணக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் இறக்கினால், புதிதாக உள்ளே வருபவர்களில் முதலில் அடிபடுபவர் குறைந்த இலாபத்துக்கு நிறைய விற்பவரே.

இலங்கையிடம் இதற்கு ஒரு பழைய மருந்து இருந்தது. 2020 தொடக்கத்தில் நீக்கப்பட்ட பொருளாதாரச் சேவைக் கட்டணமும் விற்றுமுதல் மேல் போட்டதுதான். ஆனால் கட்டிய தொகையை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். இலாபம் காட்டாதவரிடமிருந்து குறைந்தபட்சமாக ஏதாவது வாங்கும் வலையாக அது இருந்தது. ஒழுங்காக வருமான வரி கட்டுபவருக்கு இரட்டைச் சுமையாகவில்லை. இன்றைய அறவீட்டில் அந்தக் கழிவு இல்லை, கணக்கைக் காட்டி வெளியேறும் வழியும் இல்லை. நட்டப்பட்டாலும் கட்டவேண்டும்.

அனுமானம் தப்பாகப் போகும் என்பது தெரிந்த விஷயம். ஒரே எண்ணால் எல்லாக் கடையையும் அளந்தால் தப்பு வரத்தான் செய்யும். தப்பு நேர்ந்தவர் தன் கணக்கைக் காட்டித் திருத்திக்கொள்ள முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் இரண்டு முறைகளையும் எடை போடுகிறேன். இந்தியாவில் முடிகிறது, ஐந்தாண்டுப் பூட்டோடு. அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, தானியம், பலசரக்கு போன்ற குறைந்த இலாப வியாபாரத்துக்கு 2 அல்லது 3 சதவீதம் என்று தனி விகிதம் வைப்பது ஒரு அட்டவணையைத் திருத்தும் வேலைதான். சில்லறைக்குத் தனி விகிதம் முன்பு இருந்ததுதானே. 2 கோடிவரை முழு விலக்காகிப் போனதையும் அதோடு சேர்த்துத் திருத்தவேண்டும். இலங்கையில் முடியவில்லை. எல்லையை இறக்குமுன், எல்லைக்கு மேலுள்ள தொகைக்கு மட்டும் அறவீடு என்றும், கட்டியதை வருமான வரியில் கழிக்கலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம் என்றும் மாற்றினால் வவுனியா சீமெந்துக்காரர் பிழைப்பார்.

அதுவரை வியாபாரிகள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளவேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் 44ஏடியில் முதல்முறை கையெழுத்துப் போடுமுன் கடந்த மூன்றாண்டு நிகர இலாபச் சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது ஆறுக்குக் கீழே இருந்து, அனுமான இலாபம் 12 இலட்சத்தையும் தாண்டினால், உள்ளே போகாமல் புத்தகம் எழுதுவதே மலிவு. இலங்கையில் ஒரு கம்பனியின் சரக்கை அதன் விலைக்கே விற்பவராக இருந்தால், விநியோகஸ்தர் என்ற நியமனத்தை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் அறவீடு கால்பங்குக்கு, இல்லாவிட்டால் பாதிக்கு.