ஒரு பீஸ்கூடக் கூடுதலாக விற்றுத்தராத இயந்திரம்

திருப்பூர் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் பேக்கிங் பிரிவுக்கு வந்திருக்கும் ஸ்கேனிங் லைன்மீது எனக்குக் கிட்டத்தட்டப் பைத்தியமே பிடித்துவிட்டது!

அது வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். பாலிபேக்கின் பார்கோடு ஒவ்வொன்றும் பேக்கிங் லிஸ்ட்டோடு ஒப்பிடப்படும். 'எல்' போக வேண்டிய பெட்டியில் ஒரு 'எம்' விழுந்தால் போதும், சிவப்பு விளக்கு எரியும். எண்ணிக்கையும் எடையும் சரியாக வந்தால்தான் பெட்டிக்கான ஸ்டிக்கரே அச்சாகும்.

விலை 18 லட்சம். "இதனால் ஆர்டர் கூடுமா?" என்றார் முதலாளி. கூடாதுதான். வரவு இல்லை, மிச்சம் மட்டுமே. அந்த மிச்சத்தை நேர்மையாகக் கணக்கிட்டதில்தான் எனக்கு அத்தனை சந்தோஷம்.

விற்க வந்தவர் நான்கு செக்கர்களின் சம்பளத்தையும் மிச்சம் என்றார். நான் இரண்டு பேரைத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு பிரிவில் காலியாக இருந்த இடங்களுக்கு அவர்கள் மாறியதால், அங்கே புதிதாக ஆள் எடுக்கும் செலவு நின்றது. மற்ற இருவரும் அதே லைனில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு மிச்சமாகிற நேரம் பணம் ஆகாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் சேர்த்து இருவருக்கு ஆண்டுக்கு 4.8 லட்சம்.

அடுத்து, பிழை. சைஸ் மாறிய பெட்டிகளுக்காக பையர் அனுப்பிய டெபிட் நோட்டுகளையும், குறைந்த பீஸ்களை விமானத்தில் அனுப்பிய செலவையும் பழைய ஃபைல்களிலிருந்து கூட்டினேன். சராசரியாக ஆண்டுக்கு 4.8 லட்சம். ஆனால் தையல் குறை, தாமதம் இவற்றுக்கான டெபிட்டை இதில் சேர்க்கவில்லை. ஸ்கேனர் அவற்றைத் தடுக்காது. பார்கோடே தவறாக ஒட்டப்பட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே முக்கால் பங்கு, 3.6 லட்சம் மட்டுமே எழுதினேன்.

பராமரிப்புக்கு 1.4 லட்சம் கழித்தால் ஆண்டுக்கு 7 லட்சம் நிற்கிறது. ஐந்தாம் ஆண்டு மிச்சமாகும் ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு கிடையாதே! 12 சதவீதத்தில் தள்ளிப் பார்த்தால், ஐந்தாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 25.2 லட்சம். மிச்சமும் லாபம்தான் என்பதால் அதற்கும் வரி உண்டு. 25 சதவீத வரியைக் கழித்து, தேய்மானத்தால் குறையும் வரியைச் சேர்த்தால் 20.8 லட்சம். முதல் போக 2.8 லட்சம் கையில்.

இதில் என்னைத் துள்ள வைத்த விஷயம் வேறு. சம்பள மிச்சத்தை மட்டும் வைத்துப் போட்டால் இதே கணக்கில் 11 லட்சம்தான் தேறும், இயந்திரம் நஷ்டம். ஆள் குறைப்பதற்கு என்று எல்லோரும் நினைத்த இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தியது, வராமல் போகும் டெபிட் நோட்டுகள்தான்! அதனால் இப்போது ஒவ்வொரு டெபிட் நோட்டிலும் காரணத்தைத் தனியாகக் குறித்து வைக்கிறேன். பேக்கிங் பிழை 1.2 லட்சத்தைத் தாண்டினால், என் கணக்கு சறுக்குகிறது என்று அந்த ஆண்டிலேயே தெரிந்துவிடும்.