சுவரை உதைத்த பிறகு

நீச்சல் போட்டியில் நான் கைவீச்சைவிட ஆவலாகப் பார்ப்பது, சுவரை உதைத்த பின் வரும் அந்தச் சில நொடிகளைத்தான். தொடக்கப் பாய்ச்சலை விட்டால், வீரர் மிக வேகமாகப் போவது அப்போதுதான். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் உடல் வடிவில் சிறு பிசகும் அங்கே பெரிய இழப்பு.

ஒரு கைமேல் மறுகை, காதுகளை ஒட்டிய புயங்கள், நீட்டிய பாதங்கள்: உடல் ஊசிபோல் ஒடுங்குகிறது. மேற்பரப்புக்கு அரை மீட்டர் கீழே சென்றால் அலை எழுப்புவதில் வீணாகும் சக்தியும் குறையும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், 100 மீட்டர் மல்லாந்த நீச்சலின் முதல் சுற்றில் முப்பது மீட்டருக்கும் மேல் நீருக்கடியிலேயே போனார். இப்போது 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும்.

நழுவும் வேகம் நீந்தும் வேகத்துக்கு இறங்கும் கணத்தில் மேலெழ வேண்டும். குப்புற நீந்துபவர் மேலே வந்ததுமே மூச்சுக்காகத் தலையைத் தூக்கினால் இடுப்பு அமிழும், சேர்த்த வேகம் போய்விடும். தேர்ந்தவர்கள் முதல் கைவீச்சை மூச்செடுக்காமல் முடிப்பார்கள். பிறகு உடல் உருளும்போதே முகமும் திரும்பும். தலை கிழித்த அலைக்குப் பின்னால் உண்டாகும் பள்ளத்தில் வாய் காற்றைத் தேடிக்கொள்ளும். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் தலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.