பத்துக்கு ஐந்து

நிர்வாகக் குழுவின் வாராந்தரக் கூட்டக் குறிப்பில் ரசிக்க வேண்டியது பேச்சின் சுருக்கம் அல்ல. ஒவ்வொரு காலாண்டு இலக்குக்கும் எதிரே நிற்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும்தான். இன்டெலில் ஆண்டி குரோவ் வளர்த்த இலக்கு முறையை 1999-இல் கூகுளுக்குக் கொண்டுபோனவர் ஜான் டோர். இலக்கு எட்டும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு என்று வாரந்தோறும் குறிக்கச் சொன்னவர் கிறிஸ்டினா வோட்கே. காலாண்டை ஐந்தில் தொடங்கு என்பார். பாதி சந்தேகமாவது இல்லாவிட்டால் அது இலக்கே அல்ல என்பது அவர் கணக்கு.

திருவேங்கடத்தில் ஒரு தீப்பெட்டி ஆலை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘வட மாநிலங்களில் மூன்று புதிய மொத்த வியாபாரிகள், பொறுப்பு: விற்பனை மேலாளர்.’ முதல் வாரம் 5, மூன்றாம் வாரம் 6, நான்காம் வாரம் 3. பக்கத்தில் ஒரே வரி: ‘அட்டை வரத் தாமதம், மாதிரிப் பண்டல் போகவில்லை.’ இறங்கியது விற்பனையின் எண், காரணமோ கொள்முதலில். அடுத்த வரியில் கொள்முதல் மேலாளரின் பெயரும் ஒரு தேதியும் வந்துவிட்டால் குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. வெறும் ஊகத்துக்கு எண் எதற்கு என்று கேட்கலாம். ஊகம்தான், ஆனால் விற்பனைக் கணக்கு முடிந்ததைத்தான் சொல்லும், இது ஒன்பது வாரம் மீதமிருக்கும்போதே சொல்கிறது. பயந்தவர்கள் எல்லா வாரமும் 8 போட்டுவிடுவார்கள் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். போடுவார்கள், அசையாத எண்ணே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். அந்த எண்ணைச் சம்பள உயர்வோடு முடிச்சுப்போட்ட இடத்தில் மட்டும் எந்தக் குறிப்பும் உதவாது.