‘இட்’டை இறக்கிவிட்டால் மட்டும் போதுமா?

சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்து ஆலைச் சுவர்களில் ஒரே மாதிரி வாக்கியங்களைப் பார்க்கலாம். தலைக்கவசம் அணிவது கட்டாயமாகும். தரையைச் சுத்தமாக வைத்திருப்பது அவசியமாகும். விதிகளைப் பின்பற்றுவது மிக முக்கியமானதாகும். யாரும் இப்படிப் பேசுவதில்லை. இந்த ‘-வது’, ‘-ஆகும்’ நடைக்குப் பின்னால் ‘இட்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறது.

ஆங்கில வாக்கியத்தில் எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது. ‘இட் இஸ் ரெயினிங்’ என்கிறார்கள். எது பெய்கிறது என்று கேட்டால் அந்த ‘இட்’டிடம் பதில் இல்லை. ‘இட் இஸ் இம்பார்ட்டன்ட் டு வேர் எ ஹெல்மெட்’ என்பதில் முக்கியமானது ஹெல்மெட் போடுவது. அது வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதுவரை ‘இட்’ பஸ் சீட்டில் போட்டு வைத்த துண்டு.

தமிழுக்கு இந்தத் துண்டு தேவையில்லை. மழை பெய்யுது, மழை வருது என்று மழையையே எழுவாயாக்கிவிடுகிறோம். ‘புழுங்குது’, ‘விடிஞ்சிருச்சு’ போன்றவற்றில் அதுவும் இல்லை, வினை மட்டுமே வாக்கியம். (இதைத் தோன்றா எழுவாய் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தோன்றா எழுவாய் என்றால், மறைந்திருப்பதை வெளியே எடுத்துக் காட்ட முடிய வேண்டும். ‘புழுங்குது’வில் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை.)

இந்தத் தொழில் பட்டையில் வேடிக்கை என்னவென்றால், இங்கே புழங்கும் மொழிகளில் பலவும் தமிழ்க் கட்சி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாயின் தாய்மொழியான கொரியத்தில் ‘பி-கா ஓந்தா’ என்பார்கள். அப்படியே நம் ‘மழை வருது’. ஒரகடத்தில் 2010-இல் ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து ஆலை திறந்தன. நிஸ்ஸானின் ஜப்பானியத்தில் மழை விழும், ‘அமே-கா ஃபுரு’. வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் பேசும் இந்தியில் மழை ‘ஆகிக்கொண்டிருக்கிறது’. ரெனோவின் பிரெஞ்சும் அதே ஒரகடத்தில் லாரி செய்யும் டைம்லரின் ஜெர்மனும்தான் ஆங்கிலத்தைப் போல ஒரு பொம்மை எழுவாயை முன்னால் நிறுத்துகின்றன. ‘செய்வது முக்கியம்’ என்ற அமைப்பும் கொரியத்தில், ஜப்பானியத்தில் கிட்டத்தட்ட நம்முடையதேதான். அதனால் கொரிய மூலம் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது, ‘இட்’ நடுவழியில் ஏறி நடுவழியிலேயே இறங்க வேண்டிய பயணி.

அதை இறக்குவதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் கையாளும் வழி எளிது. ‘இட்’டை விட்டுவிடு, பின்னால் வரும் வினைக்கு ‘-வது’ சேர்த்து எழுவாயாக்கு, ‘முக்கியம்’, ‘கட்டாயம்’ ஆகியவற்றைக் கடைசியில் வை. இலக்கணப்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘அது முக்கியமானது தலைக்கவசம் அணிவதற்கு’ என்ற அபத்தத்திலிருந்து நம்மைக் காப்பாற்றியது இந்த வழிதான். ஒரு செயலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் இடத்தில், உதாரணமாகப் பயிற்சி வகுப்பில் ஏன் என்று விளக்கும்போது, இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. ஆனால் வேலைக் குறிப்பு கருத்துச் சொல்வதற்கான இடமில்லை, கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கான இடம்.

ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றுக்கான மாதிரிக் குறிப்பு இது. விளக்குவதற்காக நான் எழுதியது. ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம், அவற்றில் நான்கு ‘இட்’. வழக்கமான முறையில் தமிழாக்கினால் இப்படி வரும்: “கார்டைத் திறப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைப்பது முக்கியமானதாகும். பிரஷர் இறங்குவதற்கு அது 5 நிமிடம் எடுக்கும். அது பூஜ்யமாக இல்லையென்றால் அதைத் திறக்காதீர்கள்.”

முதல் ‘இட்’ ஒழுங்காக இறங்கிவிட்டது. இரண்டாவதும் அதே போன்ற வெற்று ‘இட்’தான், ஆனால் ‘அது’வாகத் தங்கிவிட்டது. தமிழில் நேரம் ‘ஆகும்’. யாரும் எடுக்க வேண்டாம். மூன்றாவது வெற்று ‘இட்’ அல்ல, பிரஷரைக் குறிப்பது. நான்காவது கார்டைக் குறிப்பது. கடைசி வாக்கியத்தை மட்டும் படிப்பவருக்கு எது பூஜ்யம், எதைத் திறக்கக் கூடாது என்பது தெரியாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் அக்குமுலேட்டரில் அழுத்தம் தேங்கி நிற்கக்கூடிய எந்திரத்தில் இந்தக் குழப்பம் விரலுக்கு ஆபத்து. ஆக, வெற்று ‘இட்’டை விட்டுவிட வேண்டும், பொருளுள்ள ‘இட்’டை விடவும் கூடாது, ‘அது’ என்று எழுதியும் தப்பக் கூடாது, பொருளின் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டும். வழக்கமான விதி முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்று வரிசை. ‘கார்டைத் திறப்பதற்கு முன்’ என்று தொடங்கினால், இரண்டாவதாகச் செய்ய வேண்டியது முதலில் கண்ணில் படுகிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பிரஷர் இறங்க 5 நிமிடம் ஆகும். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கார்டைத் திறக்க வேண்டும்.” ‘முக்கியமானதாகும்’ போய்விட்டது, அதனால் எதுவும் குறையவில்லை.

எல்லாவற்றையும் ‘வேண்டும்’ என்று முடித்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அங்கேதான் இந்த மாற்று வழியின் பலவீனம். தொழில் தர ஆவணங்களில் ஆங்கிலம் கட்டளை, பரிந்துரை, அனுமதி என்று படி வைத்துப் பேசுகிறது. ‘இட் இஸ் மேண்டேட்டரி’ கட்டளை, ‘இட் இஸ் ரெக்கமண்டட்’ பரிந்துரை. இரண்டையும் ‘வேண்டும்’ என்றே முடித்தால், எதை விட்டால் லைனை நிறுத்துவார்கள் என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. வேண்டும், நல்லது, செய்யலாம், கூடாது என்ற நான்கு முடிவுகள் தமிழில் தயாராக இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதுவது தேவையில்லாத சுற்று. அதன் எதிர்மறை இன்னும் மோசம். ‘இட் இஸ் நாட் ரெக்கமண்டட்’ என்பது ஆங்கிலத்தில் செய்யாதே என்பதற்கு மிக அருகில் நிற்கும் எச்சரிக்கை. ‘ஈரத் துணியால் துடைப்பது பரிந்துரைக்கப்படவில்லை’ என்று தமிழில் படிப்பவர், யாரும் சிபாரிசு செய்யவில்லை, செய்தால் தப்பில்லை என்று புரிந்துகொள்வார். ‘ஈரத் துணியால் துடைக்காமல் இருப்பது நல்லது’ என்றால் சந்தேகமில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 108-ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. பெயருக்கு ஒரு தமிழ்ப் பலகை மாட்டுவதோடு அது நிறைவேறிவிடாது. புரிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குறிப்பை லைனில் நிற்பவரிடம் கொடுத்து, ‘அது’ வரும் இடத்திலெல்லாம் எந்தப் பொருள் என்று எந்திரத்தில் கைவைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் தயங்கும் இடத்தில் ஒன்று வெற்று ‘இட்’ தங்கியிருக்கும், அல்லது பொருளின் பெயர் விடுபட்டிருக்கும்.

மொழிபெயர்ப்பாளரால் மட்டும் தீர்க்க முடியாத வகையும் இருக்கிறது. தரக் குறைபாட்டு அறிக்கைகள் ‘இட் வாஸ் அப்சர்வ்ட்’ என்று தொடங்கும். தமிழில் ‘போல்ட்டின் டார்க் குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது’ என்று முடியும். ஆங்கிலத்தில் அந்த ‘இட்’ எழுவாய் இடத்தை நிரப்புகிறது, கூடவே ஆளையும் மறைக்கிறது. தமிழில் நிரப்ப வேண்டிய இடமே இல்லை, ஆனாலும் செயப்பாட்டு வினையை வைத்து மறைவை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிடுகிறோம். மேலே உள்ளவர்களுக்குச் சில நேரம் அந்த மறைவு வசதியாகவும் இருக்கலாம். எந்த ஷிப்டில், யார், எந்த டார்க் ரெஞ்சால் சோதித்தார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அதைத் தமிழில் எழுத வேண்டுமானால் அறிக்கை எழுதியவரிடமே போய்க் கேட்க வேண்டியிருக்கும்.