சோலைத் தீவுகளில் கிளைத்தவையும் பிரிந்தவையும்

வில்பட்டியின் பூண்டுத் தோட்டங்களைத் தாண்டி மேலே ஏறினால் சோலைக்காடு வரும். அங்கே கூட்டமாகக் கத்தித் திரியும் பறவை பழனி சிரிப்பான். வெயில் காயும் சமவெளி அதற்குக் கடலைப் போன்றதுதான், இறங்கிக் கடப்பதில்லை. அதனால்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை உயிரியலாளர்கள் ‘வான்தீவுகள்’ என்கிறார்கள்.

தீவு என்றதும் கலாபகஸ் குருவிகள் நினைவுக்கு வரும். போட்டியில்லாத தீவுகளுக்கு வந்த ஒரு மூதாதையின் வாரிசுகளில் தடித்த அலகுக்காரர்கள் விதையை உடைத்தார்கள், மெல்லிய அலகுக்காரர்கள் பூச்சி பிடித்தார்கள். காலியாகக் கிடந்த பிழைப்புகளே அந்தக் கிளைப்பை நடத்தின. தகவமைப்புக் கிளைத்தல் என்பது இதைத்தான்.

சிரிப்பான்களின் கதை வேறு. 2017இல் வி.வி. ராபினும் சகாக்களும் மரபணுவை ஒப்பிட்டு, இவை இந்த மலைகளுக்கே உரிய தனிப் பேரினம் என்று காட்டி, அதற்கு மான்டெசின்க்லா என்று பெயரிட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம். தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் இன்னொன்று. அகத்தியமலைப் பக்கம் மற்றொன்று. நிறம் மாறியிருக்கிறது, பிழைப்பு அவ்வளவாக மாறவில்லை. எல்லாமே சோலையில் பழமும் பூச்சியும் தேடுகின்றன. ஒரே மலையில் இரண்டு இனம் பங்குபோட்டு வாழ்வதுமில்லை. ஆக, இங்கே பிரித்தது கணவாய், வாய்ப்பு அல்ல. இதையும் தகவமைப்புக் கிளைத்தல் என்றே எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

உண்மையான வாய்ப்பைத் தேடுவதானால் தரைக்கு அருகே குனிய வேண்டும். ராவோர்கெஸ்டஸ் என்னும் புதர்த் தவளைகளுக்குக் குட்டையே தேவையில்லை. முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். கொடைக்கானலிலிருந்து 2006இல் விவரிக்கப்பட்ட ராவோர்கெஸ்டஸ் துபுவாவும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நீர்நிலையிலிருந்து விடுபட்டதும் ஈர இலை, பாசி, புதர் எல்லாமே பிள்ளை பெறும் இடமாயின. மற்ற தவளைகளால் பயன்படுத்த முடியாத செங்குத்தான மலைச்சரிவு இவற்றுக்குத் திறந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உருவாகின. உடல் அளவிலும் குரலிலும் வாழும் உயரத்திலும் வேறுபடுகின்றன, ஒரே மலையில் பல இனங்கள் சேர்ந்தும் வாழ்கின்றன. ஆனாலும் முட்டை காய்ந்தால் செத்துவிடும். எனவே வறண்ட கணவாய்கள் இவற்றையும் பிரித்திருக்கின்றன. வாய்ப்பும் தடையும் இங்கே கைகோர்த்தே வேலை செய்கின்றன, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

அதற்குரிய சோதனை இனங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல. வாய்ப்பு திறந்த தொடக்கத்தில் கிளைப்பு வேகமாக நடந்து, இடம் நிரம்பியதும் தளர வேண்டும். உடல் வேறுபாடு வாழிடத்தோடு பொருந்த வேண்டும். இலங்கையில் சூடோஃபிலாட்டஸ் தவளைகள் இதே முட்டை உத்தியோடு பெருகியுள்ளன. ஆனால் அவற்றில் பல இனங்கள் இன்று பழைய அருங்காட்சியகக் குடுவைகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. உயிரோடிருப்பவற்றின் மரபணுவை மட்டும் வைத்து வேகத்தைக் கணக்கிட்டால் அந்தக் கிளைகள் விடுபட்டுப்போகும், வேகமும் தவறாகவே தெரியும்.