பெயரடைகளை நிரப்பச் சொல்லும் கேள்வித்தாள்

புதிதாக ஒரு நிறுவனம் பிராண்ட் ஆலோசகரிடம் வந்தால், முதல் சந்திப்பிலோ அதற்குச் சற்று முன்போ அதன் கைக்கு ஒரு கேள்வித்தாள் போய்ச் சேரும். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது கேள்விகள். தொழில் தொடங்கிய கதை என்ன, யார் வாங்குகிறார்கள், போட்டி யார், ஏன் இப்போது மாற்றம் வேண்டும், எந்த நிறம் பிடிக்கும், உங்கள் பிராண்ட் ஒரு மனிதராக இருந்தால் எப்படிப்பட்டவர், அதை விவரிக்க ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுங்கள், பட்ஜெட் எவ்வளவு, கடைசி முடிவு யாருடையது என்று அது நீளும். பின்னால் வரும் லோகோ, லேபிள், கடைப் பலகை, விளம்பர வாசகம் எல்லாம் இந்தத் தாளில் எழுதப்பட்ட பதில்களின் மேல்தான் எழும்புகின்றன. இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தாளில் ஒரு பகுதி அருமையான கருவி. இன்னொரு பகுதி ஆலோசகரையும் முதலாளியையும் சேர்த்தே வழி தவறச் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், டிசைனர் அதிகம் புரட்டிப் பார்ப்பது அந்த இரண்டாவது பகுதியைத்தான்.

நல்ல பகுதியை முதலில் பார்ப்போம். ‘ஏன் இப்போது?’ என்ற கேள்வி பல நேரம் மற்ற கேள்விகளைத் தேவையற்றதாக்கிவிடும். விற்பனை குறைந்துவிட்டது, லோகோ பழசாகிவிட்டது என்று வருகிறவரிடம் இதைக் கேட்டு, எப்போதிலிருந்து, எந்த ஊரில் என்று தொடர்ந்தால், பழைய டிஸ்ட்ரிபியூட்டர் விலகிப்போனது வெளியே வரும். அல்லது போட்டியாளர் கடைக்காரருக்கு நாற்பத்தைந்து நாள் கடன் கொடுப்பது தெரியவரும். அதைப் புது லேபிள் சரிசெய்யாது. அதை முதல் நாளே சொல்லிவிடுகிற ஆலோசகர் ஒரு பெருஞ்செலவைத் தவிர்த்துக் கொடுக்கிறார்.

இன்னொரு பலம், ஒரே தாளைப் பல பேர் தனித்தனியாக நிரப்பும்போது கிடைப்பது. குடும்பத் தொழில்களில் அப்பாவும் மகனும் சேல்ஸ் மேனேஜரும் பல வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்திருப்பார்கள். ‘நம் சரக்கை ஏன் வாங்குகிறார்கள்?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்தால் மூன்று வேறு கம்பெனிகளைப் பற்றிப் படிப்பது போல இருக்கும். அந்த வேறுபாடுதான் முதல் சந்திப்பின் உண்மையான விஷயம். தாளை மின்னஞ்சலில் அனுப்பி ஒரே ஒரு நிரப்பிய படிவத்தை வாங்கிக்கொண்டால் இது முழுக்கத் தொலைந்துபோகும். அப்படி வரும் படிவத்தை அலுவலகத்தில் யாரோ ஒருவர் கம்பெனி புரோஷரைப் பார்த்து எழுதியிருப்பார். வாக்கியங்கள் எல்லாம் சுத்தமாக, எங்கும் ஓர் ஆளின் பெயரோ ஒரு கடையின் பெயரோ இல்லாமல் இருந்தால், அது அப்படி வந்த தாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி பெயரடைகளுக்கு வருவோம். பிராண்டுக்கு மனிதக் குணங்கள் உண்டு என்ற எண்ணத்தை அளவிடும் கருவியாக்கியவர் ஜெனிஃபர் ஆக்கர். 1997-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, 42 குணச் சொற்களை நேர்மை, உற்சாகம், திறமை, நயம், முரட்டுத்தன்மை என்ற ஐந்து தொகுதிகளுக்குள் கொண்டுவந்தது. அந்த ஆய்வில் மதிப்பெண் போட்டவர்கள் நுகர்வோர்கள். தங்களுக்குத் தெரிந்த பிராண்டுகளைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அளக்கத்தான் அந்தச் சொற்கள். ஆலோசகரின் கேள்வித்தாளில் அதே மாதிரியான பட்டியல் முதலாளியின் கைக்குப் போகிறது. அவர் தன் பிராண்ட் எப்படித் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாரோ அதை டிக் செய்கிறார். நம்பகம், தரம், பாரம்பரியம், நவீனம் என்ற நான்கும் பெரும்பாலான தாள்களில் வந்துவிடும். பதிலில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே தாளின் மேல் போட்டியாளரின் பெயரை எழுதிப் படித்துப் பாருங்கள். ஒரு சொல்லும் உறுத்தவில்லை என்றால் அந்தப் பதிலிலிருந்து நாம் எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

முதலாளிக்குப் பதில் வாங்குகிறவரிடமே கேட்டால் தீர்ந்துவிடுமா என்றால், நேரடியாகக் கேட்டால் அங்கேயும் தீராது. அமெரிக்காவில் மேசன் ஹேர் 1950-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். இன்ஸ்டன்ட் காபி பிடிக்காத இல்லத்தரசிகளிடம் காரணம் கேட்டபோது, பெரும்பாலோர் சுவை சரியில்லை என்றார்கள். ஹேர் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். இறைச்சி, ரொட்டி, கேரட், பேக்கிங் பவுடர், டின் பீச், உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் மட்டும் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள், மற்றதில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட். ஐம்பது பெண்களுக்கு ஒரு பட்டியல், வேறு ஐம்பது பேருக்கு மற்றது. இதை வாங்கிப் போகிற பெண் எப்படிப்பட்டவர் என்று எழுதச் சொன்னார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் 48 சதவீதம் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மற்றப் பட்டியலுக்கு அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதம். வாங்காததற்குச் சொன்ன காரணம் நாக்கைப் பற்றியது. உள்ளே இருந்ததோ, பிறர் தன்னை எப்படிப்பட்ட குடும்பப் பெண்ணாக நினைப்பார்கள் என்ற கவலை. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1970-இல் வேறு இருவர் இதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது அந்த வெறுப்பு அப்படியே நீடிக்கவில்லை. சந்தை மாறும்போது பதிலும் மாறிவிடுகிறது. ஐந்து வருடத்துக்கு முன் நிரப்பிய தாளை வைத்து இன்று லேபிள் மாற்றக் கிளம்புகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே என் வாதம் கேள்விகளின் வகையைப் பற்றியது. குணத்தைக் கேட்கும் கேள்விக்கு ஆசை பதிலாக வருகிறது. நடந்ததைக் கேட்கும் கேள்விக்கு, ஓரளவுக்கேனும், உலகம் பதிலாக வருகிறது.

ஈரோடு பக்கத்து ஊர் ஒன்றில் நல்லெண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு குடும்பத்தின் விஷயத்தில் இந்த இரண்டு வகையும் ஒரே மேசையில் மோதியதைப் பார்த்தேன். கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிற எண்ணெய். 200 மில்லி, அரை லிட்டர் பாக்கெட், ஒரு லிட்டர் பாட்டில், 15 கிலோ டின் என்று போகிறது. பாக்கெட்டில் மஞ்சள் பின்னணியில் பழைய பாணியில் வரைந்த ஒரு குடம். மகன் நிரப்பிய தாளில் ‘உங்கள் வாடிக்கையாளர் யார்?’ என்பதற்கு, உடல்நலத்தில் அக்கறையுள்ள நகர்ப்புறக் குடும்பங்கள் என்று இருந்தது. பெயரடைகளில் நவீனம், பிரீமியம், தூய்மை. அப்பா அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

நான் தாளை ஓரமாக வைத்துவிட்டு, கடைசியாகப் புதிதாக ஆர்டர் கொடுத்த கடை எது, அவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். அப்பா லைனுக்குப் போகும் பையனை உள்ளே கூப்பிட்டார். “சொல்லு கண்ணு, அந்தப் பெருந்துறை ரோட்டுக் கடைக்காரரு எப்படிக் கூப்பிட்டாரு?” பையன் சொன்னான்: “ஒரு அம்மா வந்து கொடம் போட்ட எண்ணெய் இருக்குதுங்களான்னு கேட்டிருக்காங்க. இல்லைன்னதும் வேற எதுவும் வாங்காம போயிட்டாங்களாம். அதனால அவரே போன் பண்ணிட்டாருங்க.” அந்த அம்மா கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் அவ்வளவு ஆசையாக வைத்த பெயர் அது.

அடுத்துக் கேட்டது பில் புத்தகத்தை. எந்த மாதம் எந்த அளவு அதிகம் போகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். 200 மில்லி பாக்கெட் தீபாவளிக்கு முன் கடைகளுக்கு மளமளவென்று போயிருந்தது, திருக்கார்த்திகைக்கு முன் மறுபடியும். ஆண்டு முழுக்கச் சமையலுக்கு வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து அந்தத் தாள் நிரப்பப்பட்டிருந்தது. பில் புத்தகத்தில் எண்ணெய்க் குளியலுக்கும் விளக்குக்கும் சின்ன பாக்கெட் வாங்குகிறவர்கள் ஒரு பெரிய கூட்டமாக நின்றார்கள். அவர்களைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை.

நடந்ததைக் கேட்பதிலும் ஓட்டைகள் உண்டு. அந்தப் பையன் ஒரு அம்மாவைத்தான் சொன்னான். மனத்தில் நிற்கும் சம்பவம் அடிக்கடி நடக்கும் சம்பவமாக இருக்க வேண்டியதில்லை, அதனால் இன்னும் சில கடைகளில் இதே கேள்வியைக் கேட்டுத்தான் குடத்தைப் பற்றி முடிவுக்கு வர முடிந்தது. பில் புத்தகம் கடைக்குப் போன சரக்கைக் காட்டும், வீட்டுக்குப் போனதைக் காட்டாது. டின்னில் போகும் எண்ணெயை யார் எதற்கு வாங்குகிறார்கள் என்பது அதில் தெரியவே தெரியாது. இன்னொரு தடை நம் ஊர்ச் சூழலில் இருக்கிறது. வருட விற்பனை எவ்வளவு, லாபம் எத்தனை சதவீதம் என்று அச்சடித்த தாளில் முதல் நாளே கேட்டால் முதலாளி மூடிக்கொள்வார். அந்தக் கட்டங்கள் காலியாக வரும், அல்லது ஒரு மழுப்பல் எண் வரும். அந்தக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளி, தாளில் எழுதாமல், சரக்கை எடுத்துப் பார்த்துப் பேசுகிற நேரத்தில் கேட்பதுதான் முறை. பில் புத்தகத்தை அந்த அப்பா திறந்ததே, கடைக்காரர் கதை முடிந்து டீ வந்த பிறகுதான்.

வழக்கமான கேள்வித்தாள்கள் பலவற்றில் இல்லாத ஒரு கேள்வி இங்கே தானாக எழுந்தது: எதை மாற்றவே கூடாது? இதைக் கேட்காததன் விலைக்குப் பெரிய சான்று, 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிகானா செய்த மாற்றம். ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய பழைய படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் ஜூஸ் இருக்கும் புது அட்டையை வைத்தார்கள். பிப்ரவரி 22-க்குள் விற்பனை 20 சதவீதம் சரிந்ததாக விளம்பரத் துறைப் பத்திரிகை எழுதியது. அந்த மாதமே பழைய அட்டைக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. அலமாரியில் கண் தேடிப்போகிற ஒரு பொருளை எடுத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் வேறு பாக்கெட்டுக்குக் கை போய்விடும். எந்த நிறம் பிடிக்கும் என்ற கேள்வி இருக்கும் இடத்தில், உங்கள் பாக்கெட்டை ஜனங்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்ற கேள்வி இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கு முதலாளியைவிட லைனுக்குப் போகிறவர் நல்ல பதில் சொல்வார். அவரையும் முதல் சந்திப்பில் உட்கார வைக்க வேண்டும்.

எண்ணெய்க் குடும்பத்தில் மஞ்சளும் குடமும் பாக்கெட்டில் அப்படியே நின்றன. எழுத்து மட்டும் சீராகி, 200 மில்லியில் ஒரு விளக்குப் படமும் சேர்ந்தது. மகனுடைய பதிலும் வீணாகவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகவிருக்கும் ஒரு லிட்டர் பாட்டிலைத் தனி முகத்தோடு கொண்டுவர வேண்டும் என்ற அவர் எண்ணம் நியாயமானது, அங்கே குடத்தைத் தேடி வருகிறவர் யாரும் இன்னும் இல்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் அந்த பாட்டிலுக்கு இதுவரை நடந்தது என்று கேட்க எதுவும் கிடையாது, பில்லும் கிடையாது. அந்த வேலைக்குக் கேள்வித்தாளை மூடிவிட்டு, ஈரோட்டில் இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகளின் எண்ணெய் அலமாரி முன் நின்று, யார் எந்த பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்து மறுபடி வைக்கிறார்கள் என்று பார்ப்பதிலிருந்து தொடங்கினோம்.