இழுவிசையைப் பூச்சியமாக்குவது எப்போதும் பாதுகாப்பா?

கான்கிரீட்டின் இழுவிசையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எப்போதும் பாதுகாப்பான பக்கம்தான் என்கிறார்கள். வகுப்பறையில் தொடங்கிய இந்தச் சமாதானம் வடிவமைப்பு அலுவலகங்களிலும் கேள்வியின்றி ஓடுகிறது.

வழக்கமான உத்தரத்துக்கு அது சரிதான். சுருக்கமும் வெப்பமும் எங்கே விரிசல் போடும் என்று யாருக்கும் தெரியாது; ஆகவே இழுவிசை முழுவதையும் கம்பியிடம் விடுவதே நியாயம். கணக்கும் எளிது.

என் ஆட்சேபம் கம்பி குறைந்த தளங்களைப் பற்றியது. 2.1 மீட்டர் அகல வராந்தாவின் தளத்தை எடுத்துக்கொள்வோம். கனம் 125 மி.மீ., கான்கிரீட் எம்20. 8 மி.மீ. கம்பி 300 மி.மீ. இடைவெளியில் இருக்கிறது; மீட்டர் அகலத்துக்கு 168 சதுர மி.மீ. ஐஎஸ் 456 கேட்கும் 0.12 சதவீதத்தைவிடச் சற்றே கூடுதல். சுயஎடையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் பாரம் என்றால் நடுவில் மொமென்ட் சுமார் 3.3 கிலோநியூட்டன் மீட்டர். விரிசல் விட்ட வெட்டாகக் கணக்கிட்டால் நடுநிலை அச்சு 19 மி.மீ. ஆழத்தில் நிற்கும், கம்பியில் தகைவு சதுர மி.மீட்டருக்கு சுமார் 210 நியூட்டன். அனுமதி 230. கோப்பு மூடப்படுகிறது.

ஆனால் அந்தத் தளம் இன்னும் விரிசல் விடவே இல்லை. 0.7√20 என்ற வாய்பாட்டின்படி சதுர மி.மீட்டருக்கு 3.13 நியூட்டன் இழுவிசைவரை அது தாங்கும், அதாவது 8.1 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட்வரை முழு வெட்டும் வேலை செய்யும். இப்போதைய பாரத்தில் கம்பியில் இருப்பது ஏட்டில் உள்ள 210 அல்ல, பத்துச் சொச்சம்தான். யாரோ செங்கல்லை மேலே அடுக்குகிறார்கள், மொமென்ட் 8.1ஐ எட்டுகிறது, கான்கிரீட் பிளக்கிறது என்று வைப்போம். அதுவரை கான்கிரீட் பிடித்திருந்த சுமார் 98 கிலோநியூட்டன் இழுவிசையை அந்தக் கணமே யாராவது ஏற்க வேண்டும். எஃப்இ415 கம்பி விளையும்போது தருவது சுமார் 70. கம்பியின் கை சற்று நீளமானது என்பதைச் சேர்த்தாலும் மொத்தத்தில் 6.8 கிலோநியூட்டன் மீட்டர்தான் கிடைக்கும். முதல் விரிசலே கடைசி விரிசலாகலாம். தொய்வு காட்டி, மெல்லிய கீறல்கள் காட்டி எச்சரிக்கும் நல்ல குணத்தை இந்தத் தளம் இழந்துவிட்டது.

பக்கத்துத் தளத்தோடு தொடர்ச்சி இருந்தால் தப்பலாம் என்பார்கள். தப்பலாம்தான். ஆனால் அது கணக்கு தந்த பாதுகாப்பு அல்ல, கணக்குக்கு வெளியே கிடைத்த தயவு. வேடிக்கை என்னவென்றால் கான்கிரீட் நன்றாக அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எம்20 என்று எழுதி 30க்கு வந்தால் விரிசல் மொமென்ட் சுமார் 10 ஆகிறது. கம்பியின் தாங்குதிறன் அசையவே இல்லை.

உத்தரங்களுக்கு இதே விதிநூல் 0.85/fy என்று குறைந்தபட்சக் கம்பி கேட்கிறது. எஃப்இ415க்கு அது சுமார் 0.2 சதவீதம். அதே அளவை நம் தளத்தில் இட்டால் தாங்குதிறன் விரிசல் மொமென்ட்டை ஏறத்தாழத் தொட்டுவிடும். தளத்துக்கான 0.12 சதவீதம் சுருக்கத்துக்கும் வெப்பத்துக்குமாக வைக்கப்பட்டது. அதை வளைவுக்கும் போதும் என்று படிப்பதுதான் தவறு. 300 மி.மீ. இடைவெளியை 225 ஆக்கினால் தாங்குதிறன் சுமார் 9 ஆகும். எம்20 எம்20ஆகவே வந்தால் அது போதும். 30க்கு வந்தால் சுமார் 200 மி.மீ. வரை நெருக்க வேண்டும்.